கழுத்து குனியவில்லை, வெளிச்சம் குத்துகிறது: மூளையுறைக் காய்ச்சலைச் சந்தேகிப்பது முதல் முதுகில் நீர் எடுப்பது வரை

காய்ச்சலோடு தலைவலி வந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். அந்தப் பழக்கத்தில்தான் மூளையுறைக் காய்ச்சலை முதல் சில மணி நேரம் கோட்டை விட்டுவிடுகிறோம். காலையில் சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்கி இரவுக்குள் உயிருக்கு ஆபத்தாகிவிடக்கூடிய நோய் இது. அந்த ஒரு நாளுக்குள் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும், மருத்துவமனையில் என்ன வரிசையில் என்ன நடக்கும், முதுகில் நீர் எடுக்க மருத்துவர் கேட்கும்போது ஏன் தயங்கக் கூடாது என்பதை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பேச்சு வழக்கில் ‘மூளைக்காய்ச்சல்’ என்று இரண்டு நோய்களைச் சொல்கிறோம். மூளையே வீங்குவது என்செபலைட்டிஸ். மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைகள் வீங்குவது மெனிஞ்சைட்டிஸ். இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி. அந்த உறைகளுக்கு இடையில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது; பெரியவர்களுக்கு ஏறத்தாழ 150 மில்லி. ரத்தத்தில் இருக்கிற அளவுக்கு நோய் எதிர்ப்பு அணுக்களும் புரதங்களும் இந்த நீரில் இல்லை. பாக்டீரியா உள்ளே நுழைந்துவிட்டால் தடுக்க ஆளில்லாத வீடு மாதிரிதான், வேகமாகப் பெருகும். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது என்பதால் வீக்கம் கூடக் கூட உள்ளே அழுத்தம் ஏறும்.

வைரஸாலும் இந்த உறைகள் வீங்கலாம். அது பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். பாக்டீரியாவால் வந்தது அப்படி ஆறாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பாக்டீரியா மூளையுறைக் காய்ச்சல் வந்தவர்களில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் இறக்கிறார். 5 பேரில் ஒருவருக்குக் காது கேளாமை, வலிப்பு போன்ற கடுமையான பாதிப்பு தங்கிவிடுகிறது. தொடக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால், வீட்டில் இருந்துகொண்டு எது என்று பிரித்தறிய முடியாது.

விளக்கத்துக்காக ஒரு நோயாளியைக் கூடவே வைத்துக்கொள்வோம். 19 வயது மாணவர், விடுதி அறையில் இன்னொருவரோடு தங்கியிருக்கிறார். காலை 7 மணிக்குக் காய்ச்சலும் உடம்பு வலியுமாக எழுந்திருக்கிறார்.

படி 1: மூன்று அறிகுறிகளும் சேரும் வரை காத்திருக்காதீர்கள்

காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவுக் குழப்பம் மூன்றும் சேர்ந்தால் மூளையுறைக் காய்ச்சல் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். நெதர்லாந்தில் பெரியவர்களுக்கு வந்த 696 நோய் நிகழ்வுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் பாக்டீரியா மூளையுறைக் காய்ச்சல் என்று ஆய்வகத்தில் உறுதியானது. ஆனால் அந்த மூன்று அறிகுறிகளும் சேர்ந்து இருந்தது 44 சதவீதம் பேருக்குத்தான். தலைவலியையும் சேர்த்து நான்காக எடுத்துக்கொண்டால், 95 சதவீதம் பேருக்கு அதில் குறைந்தது இரண்டு இருந்தன. ஆகவே நான்கில் இரண்டு இருந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்பக் காரணம் போதும். மீதி இரண்டுக்காகக் காத்திருப்பது நோய்க்கு நேரம் கொடுப்பதாகிவிடும்.

கழுத்து விறைப்புக்கும் நினைவுக் குழப்பத்துக்கும் முன்னால் வரும் சில அடையாளங்களும் உண்டு. மெனிங்கோகாக்கஸ் கிருமி தாக்கிய குழந்தைகள், பதின்பருவத்தினர் பற்றி இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. கால் வலி, காய்ச்சல் கொதிக்கும்போதே கைகால் மட்டும் சில்லென்று இருப்பது, தோல் வெளிறியோ திட்டுத்திட்டாகவோ மாறுவது ஆகியவை நோய் தொடங்கிச் சராசரியாக 8 மணி நேரத்திலேயே தென்பட்டன. கழுத்து விறைப்பு, தடிப்பு, நினைவு மங்குதல் போன்றவை வர 13 முதல் 22 மணி நேரம் ஆனது. கிருமி ரத்தத்தில் பரவும்போது உடல் கைகாலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து உள்ளுறுப்புகளைக் காப்பாற்றப் பார்க்கிறது. கைகால் சில்லிடுவது அதனால்தான்.

நம் மாணவருக்கு இதுதான் நடக்கிறது. பகல் 12 மணிக்குக் காய்ச்சல் 103 டிகிரி. கெண்டைக்கால் வலிக்கிறது என்கிறார். இரண்டு முறை வாந்தி. கை சில்லென்று இருக்கிறது. பாராசிட்டமால் போட்டதும் காய்ச்சல் சற்று இறங்குகிறது, அறை நண்பருக்கு நிம்மதி. இந்த நிம்மதியை நம்பக் கூடாது. பாராசிட்டமால் சூட்டைக் குறைக்கும், கிருமியை எதுவும் செய்யாது. மாத்திரை போட்ட பிறகு காய்ச்சல் குறைந்திருக்கிறதா என்பதைவிட, ஆள் தெளிவாக இருக்கிறாரா, எழுந்து நடக்கிறாரா என்று பாருங்கள்.

படி 2: கழுத்து, வெளிச்சம், தோல் மூன்றையும் சோதித்துப் பாருங்கள்

மாலை 4 மணிக்கு மாணவர் திரையை இழுத்து மூடச் சொல்கிறார், போர்வையால் கண்ணை மறைத்துக்கொள்கிறார். தலை வெடித்துவிடும் போல இருக்கிறது என்கிறார். இப்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் போதும்.

கழுத்திலிருந்து தொடங்கலாம். மல்லாக்கப் படுத்த நிலையில், தாடை நெஞ்சைத் தொடும்படி தலையைக் குனியச் சொல்லுங்கள். தலையைக் குனியும்போது தண்டுவடத்தின் உறையும் சேர்ந்து இழுபடும். வீங்கிய உறை இழுபட்டால் கடுமையாக வலிக்கும் என்பதால், கழுத்துத் தசைகள் தாமாகவே இறுகிக் குனியவிடாமல் தடுக்கும். தூக்கத்தில் கழுத்து பிடித்துக்கொண்டதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் திசையில் இருக்கிறது. சுளுக்கு என்றால் இடம் வலமாகத் திருப்பும்போது ஒரு பக்கம் அதிகம் வலிக்கும். இங்கே பக்கவாட்டில் ஓரளவு திருப்ப முடியும், முன்னால் குனிவதுதான் முடியாது. விவரம் தெரிந்த குழந்தையிடம் ‘உன் முழங்காலுக்கு முத்தம் கொடு’ என்று சொல்லிப் பார்க்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: குனிய முடிகிறது என்பதால் நோய் இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது. மருத்துவர்கள் காலைத் தூக்கியும் கழுத்தை மடக்கியும் பார்க்கும் கெர்னிக், புருட்ஜின்ஸ்கி சோதனைகள் நூறு ஆண்டுக்கு மேல் பழையவை. அவை நிஜமான நோயாளிகளில் பெரும்பாலோரைத் தவறவிடுகின்றன என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. விறைப்பு இருந்தால் சந்தேகம் கூடும். இல்லாவிட்டால் சந்தேகம் போகாது.

வெளிச்சம் தாங்காமை மைக்ரேனிலும் வரும். ஆனால் மைக்ரேனில் காய்ச்சல் வராது. மைக்ரேன் உள்ளவருக்குத் தன் தலைவலி எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். ‘இது எனக்கு வழக்கமாக வருகிற தலைவலி இல்லை’ என்று அவர் சொன்னால், அந்த வார்த்தையைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

அடுத்தது தோல். மெனிங்கோகாக்கஸ் ரத்தத்தில் கலந்தால் சிறு ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். தோலுக்கு அடியில் ஊசிமுனை அளவில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றும். பிறகு அவை ஒன்றாகக் கூடி, அடிபட்ட கன்றல் போலப் பெரிதாகும். ஒரு தெளிவான கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அந்தப் புள்ளிமேல் வைத்து அழுத்துங்கள். சாதாரணத் தடிப்பில் நிறம் ரத்தக் குழாய்க்குள் இருக்கும் ரத்தத்தால் வருவது, அழுத்தினால் ரத்தம் விலகி நிறம் மறையும். இங்கே ரத்தம் குழாய்க்கு வெளியே கசிந்து கிடப்பதால் கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் அப்படியே தெரியும். கறுத்த தோலில் இந்தப் புள்ளிகள் எளிதில் கண்ணுக்குப் படாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய வெளிறிய இடங்களைப் பார்க்க வேண்டும். காலுறை, இடுப்புப் பட்டை இறுக்கும் இடங்களையும் விட்டுவிடாதீர்கள்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. தொடக்கத்தில் சில தடிப்புகள் அழுத்தினால் மறையும், பிறகுதான் மறையாத வகையாக மாறும். நிமோகாக்கஸ் கிருமியால் வரும் மூளையுறைக் காய்ச்சலில் பெரும்பாலும் தடிப்பே இருக்காது. ஆகவே மறையாத புள்ளி தெரிந்தால் அந்த நொடியே கிளம்ப வேண்டும். தெரியாவிட்டால், மற்ற அறிகுறிகளை வைத்துக் கிளம்ப வேண்டும்.

கைக்குழந்தைகளிடம் இந்த மூன்று சோதனையும் பெரும்பாலும் உதவாது. அவர்களுக்குக் கழுத்து விறைக்காமலே போகலாம். காய்ச்சலுக்குப் பதில் உடம்பு குளிர்ந்துகூடப் போகலாம். பால் குடிக்க மறுப்பது, கீச்சென்ற வித்தியாசமான அழுகை, தூக்கினால் அடங்காமல் இன்னும் அதிகமாக அழுவது, துவண்டு கிடப்பது, உச்சிக்குழி மேலெழும்பி இருப்பது ஆகியவைதான் அங்கே அடையாளம். முதியவர்களுக்கோ காய்ச்சலோடு திடீரென்று பேச்சு குழம்பினாலே சந்தேகப்பட வேண்டும். கழுத்து எலும்புத் தேய்மானத்தால் அவர்களுக்கு ஏற்கெனவே கழுத்து இறுகியிருக்கலாம், அதனால் கழுத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நம் மாணவரின் கணுக்கால் அருகே ஐந்தாறு புள்ளிகள் தெரிகின்றன. டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையவில்லை. மணி 5.15.

படி 3: கிளம்புங்கள், கையில் இருக்கிற ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கொடுக்காதீர்கள்

இந்த இடத்தில் பாசத்தால் செய்கிற ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். போன முறை தொண்டை வலிக்கு வாங்கி மிச்சமான ஆன்டிபயாட்டிக் மாத்திரையை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கொடுப்பார்கள். வாய்வழி மாத்திரையின் அளவு மூளை நீருக்குள் போய்க் கிருமியைக் கொல்லப் போதாது. ஆனால் பரிசோதனையில் கிருமி வளராமல் தடுக்க அதுவே போதும். நோயும் தீராது, எந்தக் கிருமி என்றும் தெரியாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதை மறைக்காமல் பெயரையும் நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் முடிவுகளைப் படிக்கும் விதமே அதனால் மாறும்.

உறங்கி எழுந்து காலையில் பார்க்கலாம் என்ற பேச்சு வேண்டாம். அவசரப் பிரிவுக்கு நேராகப் போய் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்: ‘காலை 7 மணியிலிருந்து காய்ச்சல், மாலை 4 மணியிலிருந்து கழுத்து குனியவில்லை, காலில் அழுத்தினாலும் மறையாத புள்ளி இருக்கிறது.’ மருந்து ஒவ்வாமை, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைகள், சமீபத்திய காதுச் சீழ் அல்லது தலைக்காயம், மண்ணீரல் அகற்றிய அறுவை, கர்ப்பம் ஆகியவை இருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள். மருத்துவமனை தொலைவில் இருந்து, வழியில் ஒரு மருத்துவர் இருந்தால், அவர் அங்கேயே செஃப்ட்ரையாக்சோன் அல்லது பென்சிலின் ஊசி போட்டு அனுப்பலாம். அதற்காகப் பயணம் தாமதமாகக் கூடாது, அவ்வளவுதான்.

படி 4: மருத்துவமனையில் முதல் ஒரு மணி நேரம்

மாணவர் 5.45-க்கு உள்ளே வருகிறார். இங்கே மருத்துவருக்கு இரண்டு வேலை. எந்தக் கிருமி என்று தெரிய, உறைகளுக்கு இடையில் ஓடும் நீரை முதுகிலிருந்து எடுக்க வேண்டும். கிருமியைக் கொல்ல மருந்து ஏற்ற வேண்டும். மருந்தை முதலில் ஏற்றினால் கிருமியின் தடயம் அழியும்; நீருக்காகக் காத்திருந்தால் நோயாளிக்கு ஆபத்து. இந்தச் சிக்கலுக்கு மருத்துவ உலகம் கண்டிருக்கிற விடை எளிமையானது: வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் உள்ளே போயிருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் நீர் எடுக்க முடிந்தால் முதலில் எடுக்கலாம். முடியாது என்று தெரிந்தால், ரத்தத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.

மாணவர் தெளிவாகப் பதில் சொல்கிறார். ரத்த அழுத்தம் 108/64, நாடித் துடிப்பு 118. கைகால் பலத்தில் வித்தியாசம் இல்லை, வலிப்பு வரவில்லை. ரத்தம் எடுத்தாயிற்று. புள்ளிகள் இருப்பதால் தட்டணு எண்ணிக்கையை அவசரமாகப் பார்க்கிறார்கள், 1,68,000 இருக்கிறது. ரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுகிறார்கள், அது ஏன் என்று பின்னால் தெரியும். நீர் எடுக்கத் தடை எதுவும் இல்லை.

இதே மாணவர் அரைமயக்கத்தில் வந்திருந்தால், வலிப்பு வந்திருந்தால், ஒரு பக்கக் கை பலமிழந்திருந்தால், கண்ணின் பின்புற நரம்பு வீங்கியிருந்தால் வரிசை மாறும். உள்ளே அழுத்தம் ஒரு பக்கமாக ஏறியிருக்கும் நிலையில் கீழே நீரை எடுத்தால் மூளை கீழ்நோக்கி நழுவக்கூடும் என்ற பயம் உண்டு. அப்போது ரத்தம் எடுத்து, மருந்தை ஏற்றிவிட்டு, அப்புறம்தான் சி.டி. ஸ்கேன். ஸ்கேனில் தடை இல்லையென்றால் அதன் பிறகு நீர் எடுப்பார்கள். ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருந்தாலோ, புள்ளிகள் கண்முன்னே பரவினாலோ, ரத்தம் உறையாத நிலை இருந்தாலோ நீர் எடுப்பதைத் தள்ளிவைத்து மருந்தை உடனே கொடுப்பார்கள்.

உறவினர்கள் அடிக்கடி கேட்பது: ‘ஸ்கேன் நார்மல் என்று வந்துவிட்டதே, இனி எதற்கு முதுகில் ஊசி?’ நியாயமான கேள்வி. ஆனால் சி.டி. ஸ்கேன் இந்த நோயைக் கண்டுபிடிக்க எடுப்பதில்லை, நீர் எடுப்பது பாதுகாப்பானதா என்று பார்க்கத்தான் எடுக்கிறார்கள். பாக்டீரியா நீருக்குள் கொழித்துக்கொண்டிருக்கும்போதும் ஸ்கேன் சாதாரணமாகவே இருக்கலாம். ஸ்கேன் நார்மல் என்றால் ‘நீர் எடுக்கலாம்’ என்றுதான் பொருள்.

படி 5: முதுகில் நீர் எடுப்பது

லம்பார் பங்க்சர் என்றதும் பலர் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். ‘தண்டுவடத்தில் ஊசி பட்டால் கால் போய்விடும்’ என்ற பயம்தான் காரணம். இந்தப் பயத்துக்கு உடலமைப்பிலேயே பதில் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் முதலாவது அல்லது இரண்டாவது முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போகும் இடம் அதற்கும் கீழே, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் அல்லது நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில். அங்கே தண்டுவடம் கிடையாது. நீர் நிறைந்த பையும், அதில் நூலிழைகள் மாதிரி மிதக்கும் நரம்புகளும் மட்டும்தான். ஊசி நெருங்கினால் அந்த இழைகள் பெரும்பாலும் விலகிக்கொள்ளும்.

மாணவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடும் தாடையை நெஞ்சோடும் சேர்த்து முதுகை வில் மாதிரி வளைக்கச் சொல்கிறார்கள். அப்போதுதான் எலும்புகளுக்கு இடையில் வழி திறக்கும். இரண்டு இடுப்பெலும்பின் மேல் விளிம்புகளையும் இணைத்து ஒரு கோடு போட்டால் அது ஏறத்தாழ நான்காவது முள்ளெலும்பின் மேல் ஓடும். மருத்துவர் விரலால் தடவி இடத்தைக் குறிப்பது அப்படித்தான். கிருமிநாசினி தடவி, மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அதன் எரிச்சல்தான் பெரும்பாலும் பெரிய வலி. அதன்பின் மெல்லிய நீண்ட ஊசி. நடுவில் காலுக்கு ‘சுரீர்’ என்று மின்சாரம் பாய்ந்தது போல ஒரு நொடி இருந்தால், எந்தக் கால் என்று சொல்லுங்கள். நரம்பு இழை உரசியிருக்கிறது, மருத்துவர் ஊசியின் திசையை மாற்றிக்கொள்வார். அசையாமல் இருப்பது மட்டும் முக்கியம்.

நீர் வந்ததும் முதலில் அதன் அழுத்தத்தை அளப்பார்கள். பிறகு மூன்று நான்கு சிறு குழாய்களில் சொட்டுச் சொட்டாகச் சேகரிப்பார்கள், மொத்தம் 10 மில்லி வரை. ‘மூளை நீரை எடுத்துவிட்டால் குறைந்து போகாதா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. உடல் ஒரு நாளில் ஏறத்தாழ 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது, அதாவது மணிக்கு 20 மில்லி. எடுத்த 10 மில்லி அரை மணியில் நிரம்பிவிடும்.

பின்விளைவு இல்லாமல் இல்லை. ஊசி போன துளை வழியாக நீர் கசிந்தால், எழுந்து உட்கார்ந்ததும் தலை வலிக்கும், படுத்தால் குறையும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் போய்விடும். முனை மழுங்கிய மெல்லிய ஊசியைப் பயன்படுத்தினால் இது குறைவாக வருகிறது. மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பது இதைத் தடுப்பதில்லை. ரத்தக்கசிவு, புதிதாகக் கிருமி தொற்றுவது போன்றவை மிக அரிது. சிகிச்சையைத் தவறான திசையில் நடத்தும் ஆபத்தோடு ஒப்பிட்டால், இவற்றை ஏற்றுக்கொள்வதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படி 6: அந்த நீர் என்ன சொல்கிறது

நல்ல நிலையில் இது குடிநீர் மாதிரி தெளிவாக இருக்கும். மாணவருடையது கலங்கி வந்தது. அழுத்தம் 32 சென்டிமீட்டர்; 25-க்கு மேல் போனாலே அதிகம். வெள்ளணுக்கள் 5-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 2,300, அதில் 90 சதவீதம் நியூட்ரோஃபில், அதாவது பாக்டீரியாவோடு சண்டை போட முதலில் ஓடிவரும் வகை. புரதம் 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், 240 இருக்கிறது. சர்க்கரை 20.

இந்த 20-ஐத் தனியாகப் பார்த்தால் பொருள் முழுதாகத் தெரியாது. நீரில் உள்ள சர்க்கரை, ரத்தச் சர்க்கரையில் ஏறத்தாழ 60 சதவீதம் இருப்பதுதான் வழக்கம். சற்று முன் பார்த்த ரத்தச் சர்க்கரை 112. அப்படியானால் நீரில் 67 அளவு இருந்திருக்க வேண்டும். 20 என்பது ரத்தச் சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 40 சதவீதத்துக்குக் கீழே போனாலே பாக்டீரியா சந்தேகம் வலுக்கும். நீர் எடுப்பதற்கு முன் ரத்தச் சர்க்கரையைப் பார்க்க மறந்துவிட்டால் இந்த ஒப்பீடே செய்ய முடியாது. சர்க்கரை நோயாளிகளிடம் இது இன்னும் முக்கியம். அவர்கள் ரத்தத்தில் 300 இருந்தால், நீரில் 80 என்பது பார்க்க நல்ல எண்ணாக இருந்தாலும் உண்மையில் குறைவுதான்.

வைரஸ் என்றால் அணுக்கள் பெரும்பாலும் சில பத்துகள் அல்லது நூறுகளில் நிற்கும், லிம்போசைட் என்ற வெள்ளணு வகை அதிகமாக இருக்கும், சர்க்கரை குறையாது. காசநோய் உறையைத் தாக்கினால் லிம்போசைட்டும் கூடும், சர்க்கரையும் குறையும், புரதம் ஏறும். அதற்கான சிகிச்சை மாதக்கணக்கில் நீளும், மருந்துகளும் முற்றிலும் வேறு. நீர் எடுக்காமல் ஊகித்து மருத்துவம் பார்ப்பது ஏன் ஆபத்து என்பது இங்கேதான் புரியும்.

மாணவரின் நீரில் ஒரு துளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, இரண்டிரண்டாக ஒட்டிய இளஞ்சிவப்புக் கிருமிகள் தெரிந்தன. மெனிங்கோகாக்கஸ்.

ஆன்டிபயாட்டிக் முதலில் போய்விட்டால் என்ன ஆகும்? மெனிங்கோகாக்கஸ் 2 மணி நேரத்துக்குள்ளேயே வளர்ப்புச் சோதனையில் காணாமல் போகலாம். நிமோகாக்கஸ் சற்றுத் தாக்குப்பிடிக்கும், 4 மணி நேரத்திலிருந்து மறையத் தொடங்கும். ஆனால் அணுக்கள், புரத மாற்றம் ஆகியவை ஒன்றிரண்டு நாள் தங்கும், பி.சி.ஆர். சோதனை செத்த கிருமியின் மரபணுவையும் கண்டுபிடிக்கும். அதனால் ‘மருந்து கொடுத்தாயிற்று, இனி நீர் எடுத்துப் பயனில்லை’ என்பது தவறு. தாமதமாகவாவது எடுக்கத்தான் வேண்டும்.

படி 7: மருந்து

நீர் எடுத்து முடித்ததும், முடிவுக்குக் காத்திராமல் 6.30-க்கு மருந்து ஏறிவிட்டது. வந்து 45 நிமிடம். (அளவுகளை மருத்துவர்தான் தீர்மானிப்பார், என்ன நடக்கிறது என்று புரிவதற்காக மட்டும் சொல்கிறேன்.) பெரியவர்களுக்கு வழக்கமாகச் செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நரம்பு வழியாக. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் உள்ள தடுப்பைத் தாண்டி நீருக்குள் ஒரு சிறு பங்குதான் போகும் என்பதால் மற்ற தொற்றுகளைவிட அதிக அளவு தேவைப்படுகிறது. மருந்துக்கு மசியாத நிமோகாக்கஸாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் வான்கோமைசினையும் சேர்ப்பார்கள். 50 வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கு ஆம்பிசிலினும் சேரும். லிஸ்டீரியா என்ற கிருமி அவர்களைத் தாக்க வாய்ப்பு அதிகம், செஃப்ட்ரையாக்சோன் அதன்மேல் வேலை செய்யாது.

இவற்றோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் போகிறது. தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டா என்று தோன்றும். ஆன்டிபயாட்டிக் பட்டு பாக்டீரியா உடையும்போது அதன் சுவர்த் துண்டுகள் நீரில் சிதறி வீக்கத்தை இன்னும் தூண்டும். மூளையையும் காதையும் கெடுப்பதில் அந்த வீக்கத்துக்குப் பெரும் பங்கு. 2002-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 301 பெரியவர்களுக்கு இதைச் சோதித்தார்கள். இறப்பு 15 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது. பலன் அதிகம் தெரிந்தது நிமோகாக்கஸ் நோயாளிகளிடம். முதல் ஆன்டிபயாட்டிக்குக்குச் சற்று முன்னாலோ அதோடு சேர்த்தோ கொடுத்தால்தான் இது உதவும். வேறு கிருமி என்று தெரிந்ததும் பல மருத்துவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

கிருமி தெரிந்தபின் மாணவருக்கு வான்கோமைசின் நிறுத்தப்படுகிறது, செஃப்ட்ரையாக்சோன் மட்டும் 7 நாள். நிமோகாக்கஸாக இருந்திருந்தால் 10 முதல் 14 நாள், லிஸ்டீரியா என்றால் 21 நாள் அல்லது அதற்கு மேல். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கித் தலைவலி குறைந்ததும் ‘மாத்திரை எழுதிக் கொடுங்கள், கிளம்புகிறோம்’ என்று கேட்கத் தோன்றும். கிளம்பக் கூடாது. நீருக்குள் மருந்து போதிய அளவில் இருப்பது நரம்பு ஊசி தொடரும் வரைதான். 48 மணி நேரம் ஆகியும் முன்னேற்றம் தெரியாவிட்டால், அல்லது தூக்கக் கலக்கமும் வலிப்பும் வந்தால், மருத்துவர் மறுபடி நீர் எடுத்துப் பார்க்கக் கேட்கலாம். அதற்கும் சம்மதியுங்கள்.

படி 8: கூட இருந்தவர்களும், காதும்

மெனிங்கோகாக்கஸ் என்று தெரிந்ததும் அறை நண்பருக்கும் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை, அல்லது ரிஃபாம்பிசின் இரண்டு நாள், அல்லது ஒரு செஃப்ட்ரையாக்சோன் ஊசி. ஒரே அறையில் தூங்கியவர்கள், வீட்டார், முத்தமிட்டவர்கள் போன்ற நெருங்கிய தொடர்புள்ளவர்களுக்கு மட்டுமே இது. ஒரே வகுப்பில் உட்கார்ந்த அத்தனை பேரும் மருந்து தேடி ஓட வேண்டியதில்லை. நிமோகாக்கஸ் என்றால் கூட இருந்தவர்களுக்கு எதுவும் தேவையில்லை. மெனிங்கோகாக்கஸ், நிமோகாக்கஸ், இதே நோயைத் தரும் ஹிப் என்ற இன்னொரு கிருமி ஆகிய மூன்றுக்கும் தடுப்பூசி இருக்கிறது.

மாணவர் எட்டாம் நாள் வீடு திரும்புகிறார். நடக்கிறார், பேசுகிறார், படிக்கிறார். ஆனாலும் கிளம்புவதற்கு முன்போ, முடியாவிட்டால் 4 வாரத்துக்குள்ளோ, கருவியால் காது கேட்கும் திறனை அளந்தாக வேண்டும். வீக்கம் உள்காதின் நத்தைக்கூடு வரை பரவியிருந்தால் கேட்கும் திறன் குறையும். ஒரு காது மட்டும் பாதித்தால் நோயாளிக்கே தெரியாமல் போகலாம், சிறு குழந்தைக்குச் சொல்லவும் தெரியாது. சிலருக்குச் சில வாரங்களிலேயே அந்தக் கூட்டுக்குள் எலும்பு வளர்ந்து வழியை அடைத்துவிடும். அடைத்த பிறகு, கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியின் கம்பியை உள்ளே செலுத்துவது கடினம். அதனால் வீட்டுக்கு அனுப்பும் தாளில் காதுப் பரிசோதனைத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.